கூடுதல் எடை, முட்டி வலி, கிரியேட்டின்: புதிதாக உடற்பயிற்சி தொடங்குகிறவர்கள் கேட்பவை

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், எடை கூடியவர்கள், முட்டி வலி உள்ளவர்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ., நம் நாட்டுக் கணக்கில் 25-ஐத் தொட்டாலே உடல்பருமன்தான். ஆனால் இந்தப் பக்கத்தை நான் எழுதுவது முக்கியமாக பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டியவர்களுக்காக. இப்போது இவர்களில் பலர் கையில் ஒரு டப்பா கிரியேட்டினோடு, அதாவது தசைப் பலத்துக்காகக் குடிக்கும் பொடியோடு வருகிறார்கள். மகன் வாங்கித் தந்தது, ஜிம்மில் கொடுத்தது என்று ஏதோ ஒரு வழி. அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை அப்படியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

"எங்க மாமாவுக்கு கிட்னியில கிரியேட்டின் ஏறித்தான் டயாலிசிஸ் வரைக்கும் போச்சு. அதையே காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறதா?"

உங்கள் மாமாவின் ரிப்போர்ட்டில் இருந்தது கிரியாட்டினின். டப்பாவில் இருப்பது கிரியேட்டின். பேச்சில் நாம் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிடுவதால் இந்தப் பயம் வருகிறது. நியாயமான பயம்தான்.

கிரியேட்டினை நம் உடலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தயாரிக்கிறது. மீனும் கறியும் சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். அதில் 95 சதவீதம் தசைக்குள் போய்த் தங்குகிறது. நாற்காலியிலிருந்து எழும் அந்த ஒன்றிரண்டு நொடியில் தசைக்குத் திடீரென்று சக்தி வேண்டும். அந்த நேரத்தில் உடனே எடுத்துக் கொடுக்கும் கையிருப்பு இதுதான். இந்தக் கையிருப்பில் தினமும் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிதைந்து கிரியாட்டினின் ஆகிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது.

சிறுநீரகம் கெட்டுப்போனால் கிரியாட்டினின் ரத்தத்தில் தேங்கும். தெருவில் குப்பை தேங்கினால் வண்டி வரவில்லை என்று புரிந்துகொள்கிறோம். குப்பைதான் வண்டியை நிறுத்தியது என்று யாரும் சொல்வதில்லை. அப்படித்தான் இதுவும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் வழக்கமான அளவில் கிரியேட்டின் எடுத்தால் சிறுநீரகம் கெடுகிறது என்று பல வருட ஆராய்ச்சியில் தெரியவரவில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தாலோ, ஒரு சிறுநீரகம் மட்டுமே இருந்தாலோ, சிறுநீரக மருத்துவர் சரி என்று சொல்லாமல் இந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.

"இதைக் குடிச்சா கொழுப்பு கரையுமா?"

கரையாது. எடை குறைக்கும் பொருள் இல்லை இது. முதலில் எடையைக் கொஞ்சம் கூட்டவே செய்யும்.

அது செய்யக்கூடியது ஒன்றுதான். எட்டு முறையோடு கால் ஓய்ந்துபோகும் இடத்தில் ஒன்பதாவது முறை எழ விடும். வாரக்கணக்கில் அப்படிச் சேரும் கூடுதல் முறைகளால் தசை கொஞ்சம் அதிகம் பலப்படும். பயிற்சி இல்லாமல் வெறுமனே குடித்தால் பெரிதாக எதுவும் நடக்காது. பயிற்சியோடு குடித்தாலும் வித்தியாசம் சிறியதுதான். 2025-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஒரு ஆய்வில் தினம் 5 கிராம் எடுத்தவர்களுக்குப் பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய முதல் வாரத்திலேயே கொழுப்பில்லா எடை அரைக் கிலோ கூடுதலாக ஏறியது. அதற்குப் பிறகு 12 வாரப் பயிற்சியில் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே அளவில், ஆளுக்கு இரண்டு கிலோ வாக்கில்தான் ஏறினார்கள். முதல் வாரத்து அரைக் கிலோவில் பெரும்பகுதி தண்ணீராக இருக்கத்தான் வாய்ப்பு. வேறு ஆய்வுகளில் பலம் கூடியதாகவும் வந்திருக்கிறது. அதனால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சி சாப்பாடு என்றால் இது ஊறுகாய் என்றுதான் சொல்வேன்.

"முட்டித் தேய்மானத்துக்கு கிரியேட்டின் நல்லதுன்னு ஒரு வீடியோவில பார்த்தேன். உண்மையா?"

அந்தப் பேச்சுக்கு அடிப்படை பிரேசிலில் நடந்த ஒரு சின்ன ஆய்வு, 2011-ல் வெளிவந்தது. மாதவிடாய் நின்ற, முட்டித் தேய்மானம் உள்ள இருபத்துச் சொச்சம் பெண்கள். எல்லோரும் 12 வாரம் காலுக்குப் பலப் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்குக் கிரியேட்டின், மீதிப் பேருக்கு அது போலவே தெரியும் வெறும் பொடி. கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு உட்கார்ந்து எழுவது, அன்றாட வேலைகளைச் செய்வது ஆகியவை கூடுதலாகத் தேறின. கால் தசையும் கொஞ்சம் கூடியது.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லோருமே பயிற்சி செய்தார்கள் என்பது. கிரியேட்டின் குருத்தெலும்பைத் தொடுவதில்லை. தேய்ந்ததை அது வளர்க்காது. தொடைத் தசை பலப்பட்டால் ஒவ்வொரு அடியிலும் அதிர்ச்சியைத் தசை வாங்கிக்கொள்ளும், முட்டி ஆடாமல் நிற்கும். நன்மை வந்தால் அந்த வழியாகத்தான் வரும். வலி மாத்திரைக்குப் பதிலாக இதைச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"எடை கூடும்னு நீங்களே சொல்றீங்க. ஏற்கெனவே முட்டி தாங்கல. இன்னும் பாரம் ஏத்தறது சரியா?"

இதுதான் சரியான கேள்வி. கேட்க வேண்டியவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம்.

பெர்லினில் செயற்கை முட்டிக்குள் சென்சார் வைத்து, ஆட்கள் நடக்கும்போதும் படி ஏறும்போதும் உள்ளே விழும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். 2010-ல் வெளிவந்த அந்த அளவுகளின்படி, சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு அழுத்தம் விழுகிறது. படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு மோசம் என்பது பலருக்குத் தெரியாது. மூச்சு வாங்குவது ஏறும்போது என்பதால் அதையே கஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

92 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதைப் போட்டால், நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய 240 கிலோ, படி இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் 320 கிலோ. கிரியேட்டினால் ஒரு கிலோ கூடினால் நடையில் அது அடிக்கு இரண்டரை கிலோ சேர்க்கும். 240-ல் இரண்டரை, அதாவது நூற்றில் ஒன்று.

ஆக, அந்த ஒரு கிலோ முட்டியை உடைக்காது. ஆனால் அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது முக்கியம். டப்பாவில் 'லோடிங்' என்று போட்டிருப்பார்கள். முதல் ஐந்து முதல் ஏழு நாள் தினமும் 20 கிராம் எடுப்பது. அப்படி எடுத்தால் ஒரே வாரத்தில் ஒன்று, சிலருக்கு இரண்டு கிலோ தண்ணீர் தசைக்குள் போய்விடும். அதே வாரத்தில் புதிதாகப் பயிற்சியும் தொடங்கியிருப்பீர்கள். முட்டி வலித்தால் காரணம் எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தினம் 3 கிராம் மட்டும் எடுத்தால் நான்கு வாரத்தில் தசையின் கையிருப்பு லோடிங் செய்தவர்களின் அளவுக்கே வந்துவிடுகிறது. 1996-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. எடை கூடுவதும் அதற்கேற்ப மெதுவாக நடக்கும், சிலருக்குத் தெரியவே தெரியாது. முட்டி வலி உள்ள யாருக்கும் நான் லோடிங் சொல்வதில்லை.

"என் எடை 110 கிலோ. கிலோவுக்கு 0.3 கிராம்னு போட்டிருக்கு. அப்போ 33 கிராமா எடுக்கணும்?"

வேண்டாம். அந்தச் சூத்திரம் விளையாட்டு வீரர்களுக்காக, பெரும்பாலும் தசையாகவே இருக்கும் உடம்புக்காகப் போட்டது. கிரியேட்டின் தங்குவது தசையில், கொழுப்பில் இல்லை. 110 கிலோ எடையுள்ள உங்களுக்கும் 75 கிலோ எடையுள்ள உங்கள் தம்பிக்கும் கொழுப்பில்தான் பெரிய வித்தியாசம், தசையில் அவ்வளவு இருக்காது. மொத்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் இடமில்லாத கிடங்குக்கு மூட்டை அனுப்புகிற கதைதான். மிச்சம் சிறுநீரில் போகும், அதற்கு முன் வயிற்றைக் கலக்கும். ஒரே தடவையில் 10 கிராம், அதற்கு மேல் என்று போகும்போதுதான் பலருக்கு வயிற்றுப்போக்கே வருகிறது.

எடை எவ்வளவாக இருந்தாலும் தினம் 3 கிராமில் தொடங்குங்கள். நல்ல உயரமும் கட்டான உடம்பும் உள்ளவர்கள் ஒரு மாதம் கழித்து 5 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் தேவைப்படாது. கறி, மீன் சாப்பிடாதவர்களுக்குத் தசையில் கையிருப்பு பொதுவாகக் குறைவு. அவர்களுக்கு மாற்றம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், அளவு அதேதான்.

"சரி, முட்டி வலியோட பயிற்சியை எங்கிருந்து ஆரம்பிக்கிறது? நடக்கிறதா, ஜிம்முக்குப் போறதா?"

நாற்காலியிலிருந்து. என்னிடம் வந்த ஒரு அக்காவுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன், அதிலேயே பதில் இருக்கிறது.

வயது 46, எடை 92 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. 38-க்குப் பக்கத்தில். தையல் வேலை. இரண்டாவது மாடி வீடு, லிப்ட் கிடையாது. வலது முட்டி படி இறங்கும்போது குத்தும். சமதரையில் பத்து நிமிடம் நடந்தால் தாங்கும். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். இரண்டு கையாலும் தொடையை அழுத்தி, முன்னால் சாய்ந்து, முகம் சுளித்து எழுந்தார்.

நாற்காலியின் இருக்கை 43 சென்டிமீட்டர் உயரம். அதன் மேல் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, மேலே கெட்டியான தலையணை வைத்து, உட்கார்ந்து அமுங்கிய பிறகும் 55 சென்டிமீட்டர் இருக்கும்படி செய்தோம். நாற்காலி சுவரில் சாய்ந்திருந்தது, நழுவாது. இப்போது எழுந்தார். கை தொடையைத் தொடவில்லை, முகமும் சுளிக்கவில்லை. எழும்போது முட்டி மேல் விழும் சுமையை இருக்கையின் உயரம் அந்த அளவுக்கு மாற்றும். உயரம் கூடினால் சுமை பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். எடை ஒரு கிராம்கூடக் குறையாமல் முட்டிக்குக் கிடைக்கும் சலுகை இது.

முதல் இரண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும். அந்த உயர நாற்காலியில் ஆறு முறை எழுந்து உட்காருவது, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது எட்டு முறை. கட்டிலில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது எட்டு முறை. மொத்தம் பதினைந்து நிமிடம். நடை தினமும் காலையிலும் மாலையிலும் எட்டு எட்டு நிமிடம், சமதரையில், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில். வேகமாக நடந்தால்தான் எடை குறையும் என்று நினைத்துப் பலர் முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எடை கூடியவர்கள் மெதுவாக நடக்கும்போது முட்டியின் சுமை கணிசமாகக் குறைகிறது. கொஞ்சம் கூடுதல் நேரம் நடந்து அதை ஈடுகட்டிக்கொள்ளலாம்.

மாடிப்படிக்கு மூன்று மாற்றம். ஒரு நாளில் நான்கு தடவை இறங்கியதை இரண்டாகக் குறைத்தோம், கடை வேலையையும் தண்ணீர் கேனையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். எப்போதும் கைப்பிடி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து.

மூன்றாவது வாரம் ஆறை எட்டாக்கினோம். ஐந்தாவது வாரம் ஜமக்காளத்தில் ஒரு மடிப்பை எடுத்தோம், உயரம் 51 ஆனது. உயரத்தைக் குறைக்கும் வாரத்தில் எண்ணிக்கையை ஆறுக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் முட்டி கோபித்துக்கொள்ளும். ஏழாவது வாரம்தான் கிரியேட்டின், தினம் 3 கிராம். அதற்குள் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: இந்தப் பயிற்சிக்குத் தன் முட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பது. புதிதாக எது வந்தாலும் அடையாளம் காண முடிந்தது.

"பயிற்சி செய்யும்போது வலிச்சா உடனே நிறுத்திடணுமா?"

எல்லா வலிக்கும் நிறுத்த வேண்டியதில்லை. பூஜ்யம் வலியே இல்லை, பத்து தாங்கவே முடியாத வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது ஐந்துக்குள் இருந்தால் தொடரலாம். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லையென்றால் நேற்றுச் செய்தது அதிகம். அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது நாற்காலியை ஒரு மடிப்பு உயர்த்துங்கள்.

அந்த அக்காவுக்கு நான்காவது வாரம் இது நடந்தது. ஒரு கல்யாணம், மாடியில் சாப்பாட்டுப் பந்தி, நாள் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறார். மறுநாள் காலையில் வலது முட்டியின் சிப்பியைச் சுற்றியிருக்கும் குழி தெரியவில்லை, நீர் கோத்து வழவழவென்று இருந்தது. இரண்டு முட்டியையும் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியும். நாற்காலிப் பயிற்சியை நான்கு நாள் நிறுத்தினோம். வீட்டுக்குள் நடப்பதையும் குதிகால் தூக்குவதையும் நிறுத்தவில்லை. வீக்கம் வடிந்ததும் 55 சென்டிமீட்டரில் ஆறு முறையிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

இந்தக் கணக்குக்கு அடங்காத சில உண்டு. முட்டி மடங்கியபடி பூட்டிக்கொண்டு நிமிராமல் போவது, நடக்கும்போது திடீரென்று கால் விட்டுப்போவது, முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வருவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இவற்றுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் வீட்டில் உட்கார்ந்து சோடா குடித்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

"ஜிம்முல முதல் நாளே நூறு ஸ்குவாட் போட வைக்கிறாங்க. கிரியேட்டின் குடிச்சா தாங்கும்னு சொல்றாங்களே?"

தாங்காது. பழக்கமில்லாத தசையை முதல் நாளே அப்படி வதைத்தால் தசை நார்கள் உடைந்து, உள்ளே இருப்பது ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். உடம்பு பெரிது, கால் தசைக்குப் பழக்கம் இல்லை, வெயிலில் தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். ஓரிரு நாளில் தொடை கல்லாக இறுகி, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இதைச் சாதாரண உடம்பு வலி என்று நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பதுதான் பெரிய தவறு.

முதல் வாரப் பயிற்சி முடிந்ததும் 'இவ்வளவுதானா' என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு.

"தொடங்கறதுக்கு முன்னாடி என்ன டெஸ்ட் எடுக்கணும்?"

ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின். இந்த நான்கும் கிரியேட்டின் தொடங்கும் முன்பே எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடியவர்களில் பலருக்குச் சர்க்கரையும் பிரஷரும் கூடவே இருக்கும். இரண்டுமே சிறுநீரகத்தை அரிப்பவை. தெரியாமலே சிறுநீரகம் பழுதாகியிருக்கிறவர்கள் இப்போதாவது கண்டுபிடிக்கப்படுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கிரியேட்டின் எடுத்தால் கிரியாட்டினினும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறது. அந்த அக்காவின் அளவு 0.8. அதை வைத்து லேப் போட்ட சிறுநீரக வடிகட்டும் கணக்கு 92. கிரியேட்டின் எடுத்த பிறகு 0.9 வந்தது, கணக்கு 80 ஆனது. பழைய ரிப்போர்ட் கையில் இல்லையென்றால் சிறுநீரகம் இறங்குகிறது என்று எல்லோரும் பதறியிருப்போம். சிறுநீர் ஆல்புமின் மாறவில்லை, அழுத்தமும் சரியாக இருந்தது. மருத்துவர் மூன்று வாரம் கிரியேட்டினை நிறுத்தி மறுபடி பார்க்கச் சொன்னார், 0.8-க்கே வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் அது வேறு கதை, மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டியிருக்கும்.

டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையான பயிற்சி வேண்டாம், முந்தைய நாள் இரவு மட்டன் வேண்டாம். இரண்டும் கிரியாட்டினினைத் தூக்கிக் காட்டும். எந்த மருத்துவரைப் பார்த்தாலும் கிரியேட்டின் எடுக்கிறேன் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். 'சிஸ்டாட்டின் சி' என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. கிரியேட்டின் அதைப் பாதிக்காது. ஆனால் உடல்பருமனே அந்த அளவைக் கொஞ்சம் கூட்டிவிடும். ஆகவே அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவோ நிம்மதி அடையவோ கூடாது.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சி தொடங்கும் வாரத்தில் சர்க்கரை இறங்கிப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் முதலில் ஏதாவது இனிப்பு, பிறகு மருத்துவரிடம் அளவை மாற்றுவது பற்றிப் பேச்சு.

"வலி மாத்திரை போட்டுக்கிட்டு பயிற்சி செஞ்சா நல்லா செய்ய முடியுது. கூடவே கிரியேட்டினும் எடுக்கலாமா?"

இங்கேதான் எனக்கு உண்மையான பயம். டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், ஐபூப்ரோபென் ஆகியவை மெடிக்கலில் கேட்டாலே கிடைத்துவிடுகின்றன. முட்டி வலிக்காரர்கள் மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அதோடு டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து, வெயிலில் வியர்த்து உடம்பும் வற்றினால் நல்ல சிறுநீரகமே திடீரென்று படுத்துவிடலாம். அப்போது பழி கிரியேட்டின் மேல் விழும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. வலி மாத்திரை உங்களுக்குத் தேவையா, எத்தனை நாள் என்பதை முதலில் மருத்துவரிடம் பேசித் தீருங்கள்.

இன்னொன்று. வலியை மறைத்துவிட்டுச் செய்தால் நான் மேலே சொன்ன மறுநாள் கணக்கு வேலை செய்யாது. எது அதிகம் என்று முட்டி சொல்லும், கேட்க உங்களுக்குக் காது இருக்காது.

"எப்படிக் கலக்கிக் குடிக்கிறது? எந்த நேரம்?"

கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று மட்டும் எழுதியிருக்கும் சாதாரணப் பொடி போதும். மற்ற வகைகளுக்கு விலைதான் அதிகம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா பாருங்கள். பல பொருளைக் கலந்து 'ப்ரீ ஒர்க்அவுட்' என்று விற்பது வேண்டாம், அதில் காபீன் நிறைய இருக்கலாம், பிரஷர்காரர்களுக்கு ஆகாது. டப்பாவுக்குள் இருக்கும் கரண்டி எத்தனை கிராம் என்று லேபிளில் பாருங்கள். சிலவற்றில் 3, சிலவற்றில் 5.

குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் மணல் மாதிரி தங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். சாப்பாட்டோடு எடுத்தால் வயிறு தொந்தரவு செய்யாது. நேரம் எதுவானாலும் சரி, தினமும் எடுப்பதுதான் முக்கியம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம்.

"வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எடை மெஷின் ஏறித்தானே காட்டுது?"

அந்த அக்காவுக்கும் அப்படித்தான் காட்டியது. ஆறு வாரத்தில் 92-லிருந்து 90.4-க்கு இறங்கியிருந்தவர் கிரியேட்டின் தொடங்கிய மூன்றாவது வாரம் 91 என்று பார்த்ததும் போன் செய்து அழுதார். இடுப்பை டேப் வைத்து அளந்து பார்க்கச் சொன்னேன். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட பிறகு. முந்தைய மாதத்தைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. தசைக்குள் போன தண்ணீர் இடுப்பைப் பெரிதாக்காது. எடை மட்டுமல்லாமல் இடுப்பும் கூடினால் அது தண்ணீர் இல்லை, சாப்பாடு. இரண்டு காலிலும் அழுத்தினால் குழி விழும்படி வீக்கம் வந்தால் அது கிரியேட்டினும் இல்லை, சாப்பாடும் இல்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மற்றபடி நான் பார்ப்பது ஒரே ஒரு அளவு. கையைக் குறுக்கே மார்பில் கட்டிக்கொண்டு, 43 சென்டிமீட்டர் நாற்காலியில் 30 நொடிக்குள் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது. பக்கத்தில் ஒருவர் நின்று எண்ண வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை போதும். அந்த அக்காவால் முதல் நாள் ஒரு முறைகூடக் கையில்லாமல் முடியவில்லை. ஆறாவது வாரம் ஐந்து. பன்னிரண்டாவது வாரம் ஒன்பது. முதல் ஐந்து முழுக்கப் பயிற்சியால் வந்தது, அப்போது பொடியே தொடங்கவில்லை. பின்னால் கூடிய நான்கில் கிரியேட்டினுக்கு ஏதாவது பங்கு இருந்தால் அது ஒன்றாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும், பொடி எடுத்தும் இந்த எண்ணிக்கை நகரவில்லையென்றால் பொடியை நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. நான்கு முதல் ஆறு வாரத்தில் தசையின் கையிருப்பு பழைய அளவுக்குத் திரும்பிவிடும், மெஷினில் அந்த அரைக் கிலோவோ ஒரு கிலோவோ இறங்கும். நாற்காலியை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள்.